நிற்கிறாரே, அவர்தான்: நினைவேந்தல் படக்காட்சியில் சொல்லும் நேரமும்

கேள்வி

இறந்தவரின் முதலாண்டு நினைவு நாளிலும் மணிவிழா மேடையிலும் இன்று தவறாமல் ஒரு படக்காட்சி இடம்பெறுகிறது. குடும்பத்தில் கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் பழைய படங்களை ஸ்கேன் செய்து கோர்க்கிறார். மூத்தவர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்கிறார். படம் ஒரு வேகத்தில் நகர்கிறது, பேச்சு வேறொரு வேகத்தில் நகர்கிறது. இரண்டும் எந்தப் புள்ளியில் சந்திக்க வேண்டும், அந்தப் புள்ளியை யார் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பொதுவாகக் கிடைக்கும் விடை எளிமையானது. ஒரு படத்துக்கு இத்தனை விநாடி என்று வைத்துக்கொள், அதற்குள் அடங்கும்படி எழுதிப் படி. இந்த விடை போதாது என்பதும், தமிழில் அது கூடுதலாகவே தவறுகிறது என்பதும் என் வாதம். என் குடும்பத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்த இரண்டு நினைவேந்தல்களின் ஒலிப்பதிவுகளை நேரம் குறித்துக்கொண்டு பலமுறை கேட்டிருக்கிறேன். அவையே என் முதன்மைச் சான்று. ஒரே குடும்பம், இரண்டே கூட்டங்கள் என்ற எல்லையை நினைவில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வேகம் சொல்பவர் கையில் இருந்த காலம்

படத்தின் அருகே நின்று சொல்வது புதிய வழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டின் மாய விளக்கு உரைகளில் உரையாளர் மேடையில் நிற்பார், விளக்கை இயக்குபவர் அரங்கின் பின்புறம் இருப்பார். மணியடித்தோ கோலால் தரையைத் தட்டியோ உரையாளர் அடையாளம் காட்டியதும் அடுத்த கண்ணாடிச் சில்லு ஏறும். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளைப் பற்றி ஜேக்கப் ரீஸ் 1888இல் தொடங்கிய உரைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஜப்பானில் மௌனப் படங்களுக்குக் கதை சொன்ன ‘பென்ஷி’ கலைஞர்களின் நிலை இன்னும் வலுவானது. அவர்கள் பெயருக்காகவே மக்கள் அரங்குக்கு வந்தார்கள். சொல்லுக்கு ஏற்றபடி படச்சுருளை மெதுவாகவோ விரைவாகவோ ஓட்டச் சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. தமிழகத்திலும் மௌனப் படக் காலத்தில் திரையருகே நின்று எழுத்தட்டைகளை உரக்கப் படித்துக் கதை விளக்கியவர்கள் இருந்தார்கள். தியடோர் பாஸ்கரனின் திரைப்பட வரலாற்று நூல்களைப் படித்தவர்கள் இதை அறிவார்கள்.

1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த கோடாக் நிறுவனத்தின் ‘கரூசல்’ ஸ்லைடு கருவியிலும் வேகம் பெரும்பாலும் மனிதர் கையிலேயே இருந்தது. வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகள் இருக்கும். கம்பியில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்று விழும். 2004இல் கோடாக் ஸ்லைடு கருவிகள் செய்வதை நிறுத்தியபோது, படக்காட்சி ஏற்கெனவே கணினிக்குள் போயிருந்தது. அங்கே Transitions பட்டியலில் After என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் விநாடியை எழுதி எல்லாப் படத்துக்கும் பொருத்திவிட்டால், பிறகு யாரும் எதையும் அழுத்த வேண்டாம். வேகம் சொல்பவர் கையிலிருந்து நழுவியது இந்த இடத்தில்தான். அரங்கில் ஒருவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

ஆய்வுகள் எட்டும் தூரம்

படமும் பேச்சும் சேர்வதைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ரிச்சர்டு மேயருடையது. படமும் அதற்கான சொல்லும் ஒரே நேரத்தில் வந்தால் கற்றல் நன்றாக நிகழ்கிறது, ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் குறைகிறது என்று அவர் பல சோதனைகளில் காட்டினார். பேசுவதையே திரையிலும் எழுத்தாகப் போட்டால் கவனம் சிதறும் என்பதும் அவருடைய முடிவு. இந்த இரண்டாவது முடிவு நினைவேந்தலுக்கும் அப்படியே பொருந்துகிறது. படத்தின் அடியில் நீளமான வரி ஓடினால் அரங்கு வாய்விட்டு அதைப் படிக்கத் தொடங்கிவிடும், சொல்பவர் குரல் அதில் மூழ்கிவிடும்.

முதல் முடிவை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மேயரின் சோதனைகளில் மாணவர்கள் மின்னல் உருவாவதையும் காற்றடிக்கும் பம்பு வேலை செய்வதையும் கற்றார்கள், அதுவும் அந்தப் பொருளை முன்பே அறியாதவர்கள். நினைவேந்தல் அரங்கு நேர் எதிரானது. படத்தில் இருப்பவர்களே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் எடுத்த நாளன்று அந்த வீட்டில் சமைத்தவரும் உட்கார்ந்திருக்கிறார். முன்னறிவு உள்ளவர்களிடம் இந்த விளைவுகள் தளர்கின்றன என்று மேயரே எழுதியிருக்கிறார்.

கண்ணசைவு ஆய்வுகள் எனக்கு அதிகம் உதவின. ரஷ்ய அறிவியலாளர் யார்பஸ், ரேபின் வரைந்த ஓர் ஓவியத்தை ஒருவரிடமே காட்டி ஏழு வெவ்வேறு பணிகள் தந்து, ஒவ்வொரு முறையும் கண் வேறு பாதையில் போனதைப் பதிவுசெய்தார். ஆங்கிலத்தில் அந்த நூல் வந்தது 1967இல். 1974இல் ரோஜர் கூப்பர், ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டே படங்களைப் பார்ப்பவரின் கண், பேச்சில் ஒரு பொருள் வந்தவுடன் அந்தப் பொருளின் படத்துக்குப் போவதைக் காட்டினார். ஆகவே சொல்பவரின் சொல், கேட்பவரின் கண்ணைப் பிடித்து நகர்த்துகிறது. எந்தச் சொல் எப்போது வருகிறது என்பது கண் எங்கே நிற்கிறது என்பதையும் முடிவுசெய்கிறது.

முதலாண்டு: எட்டு விநாடிக் கணக்கு

என் தாய்மாமா தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய முதலாண்டு நினைவு நாளில் கல்யாண மண்டபம் ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூடினோம். 40 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 விநாடி, மொத்தம் 5 நிமிடம் 20 விநாடி என்று பேரன் அமைத்திருந்தான். சொல்ல ஒப்புக்கொண்ட என் அத்தான் ஒரு தாளில் படத்துக்கு மூன்று வரி வீதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் வாசித்துப் பார்த்தபோது எட்டு விநாடியில் முடிந்தது என்றார்.

மண்டபத்தில் முடியவில்லை. வீட்டில் தனியாக வாசிக்கும் வேகம் வேறு, ஒலிபெருக்கியில் இழவின் நினைவோடு பேசும் வேகம் வேறு. ஒலிப்பதிவின்படி அவருக்குப் படம் ஒன்றுக்குச் சராசரியாக 11 விநாடி ஆனது. மூன்று விநாடி வேறுபாடு சிறியதாகத் தோன்றும், ஆனால் அது படத்துக்குப் படம் கூடிக்கொண்டே போகும். எட்டுப் படங்களைச் சொல்லி முடிக்க அவருக்கு 88 விநாடி ஆயிற்று. அந்த 88 விநாடிக்குள் கணினி 11 படங்களைக் கடந்து, 12ஆவது படத்தைத் திரையில் போட்டுவிட்டது. தாளைப் பார்த்து வாசித்த அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய ஒன்பதாவது குறிப்பு மாமாவின் கல்யாணம். ஊரே சிரித்த நாள் என்று அதில் ஒரு வரி. அதை அவர் சொல்லும்போது திரையில் இருந்தது மாமாவுக்கும் அத்தைக்கும் பிறந்து நான்கு வயதில் இறந்துபோன மூத்த பெண்ணின் ஸ்டூடியோ படம். அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்.

இதில் யாரும் கவனக்குறைவாக இல்லை. பிழை அமைப்பில் இருந்தது. படம் நகர்வதை ஒரு கடிகாரத்திடமும் பேச்சை ஒரு தாளிடமும் கொடுத்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அரங்கில் ஒரு மனிதர் இல்லை. இந்தப் பிசகு தொடங்கிவிட்டதை முன்கூட்டியே அறிய ஒரு வழி இருக்கிறது. சொல்பவர் ஒரு படத்தைப் பற்றிய கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அடுத்த படம் வந்திருந்தால், அந்தக் கணத்திலேயே இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு தானாகச் சேராது. இடையில் ஒரு படத்தைச் சொல்லாமல் விட்டாலொழிய இடைவெளி வளரத்தான் செய்யும்.

இரண்டாம் ஆண்டு: தொடரின் அமைப்பும் கண்ணின் பயணமும்

அடுத்த ஆண்டு அத்தையே படங்களைத் தேர்ந்தெடுத்தார். 40 படங்கள் 22 ஆயின. After பெட்டியில் இருந்த குறியை எடுத்துவிட்டு On Mouse Click மட்டும் வைத்தோம். சிறிய ரிமோட் அத்தானின் கையில் இருந்தது. தாள் இல்லை. படத்தின் எண்ணும் அதில் இருப்பவர்களின் பெயரும் மட்டும் எழுதிய ஓர் அட்டை. மேடையில் திரைக்குப் பக்கவாட்டில், திரையும் அரங்கும் ஒருசேரத் தெரியும்படி அவர் நின்றார். காட்சி 26 நிமிடம் நீண்டது. மிகக் குறைந்த நேரம் நின்ற படம் 6 விநாடி, மிக நீண்ட நேரம் நின்ற குழுப்படம் நான்கு நிமிடத்துக்கும் மேல். சமமாகப் பங்கிட்ட கணக்கு எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று.

இந்தப் பதிவைக் கேட்கும்போது ஒன்று தெளிவாகக் காதில் விழுகிறது. ஒவ்வொரு படமும் வந்தவுடன் அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்து தணிகிறது. தனி ஆள் படத்துக்கு அது இரண்டு மூன்று விநாடிதான். குழுப்படத்துக்குப் பத்து விநாடிவரை போகிறது. ஒவ்வொருவரும் முதலில் தன்னையும் தன்னைச் சேர்ந்தவரையும் தேடுகிறார். அந்த நேரத்தில் பேசிய சொற்கள் யாருக்கும் கேட்பதில்லை. முதல் மூன்று படங்களில் அத்தான் சலசலப்பின்மேல் பேசினார், கேள்விகள் திரும்ப வந்தன. நான்காவது படத்திலிருந்து சலசலப்பு தணியும்வரை அவர் வாய் திறக்கவில்லை. யாரும் சொல்லித்தராமல் அவரே கண்டுகொண்டது இது.

இனித் தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். முதலாண்டுத் தாளில் இருந்த வரிகள் எழுத்துத் தமிழில் இருந்தன. ‘மாமாவுடன் ஆசிரியப் பயிற்சி பெற்றவரும் பின்னாளில் அவருடைய சம்பந்தியுமான கணக்கு வாத்தியார் வலது ஓரத்தில் நிற்கிறார்’ என்பது அவற்றில் ஒன்றின் போக்கு. இந்தத் தொடரில் பெயர் வரும்வரை கேட்பவரின் கண்ணுக்கு எங்கே போவதென்று தெரியாது. பெயர் வந்த பிறகும் இடம் வரவில்லை. ‘வலது ஓரத்தில்’ என்ற சொல் வரும்போது தொடரே முடிந்துவிட்டது. தமிழில் அடைமொழி முன்னும் வினைமுற்று பின்னும் நிற்பதால், எழுத்து நடையில் சொன்னால் கண்ணுக்கு வேண்டியது கடைசியில்தான் வருகிறது.

இரண்டாம் ஆண்டு அதே ஆளைப் பற்றி அவர் பேச்சுத் தமிழில் சொன்னார்: “வலது ஓரத்துல, கருப்புக் குடையோட நிக்காரே... அவர்தான் கணக்கு சார்.” பதிவில் ‘நிக்காரே’ என்பதற்கும் ‘அவர்தான்’ என்பதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு விநாடி மௌனம் இருக்கிறது. அந்த ஒரு விநாடியில் நூறு ஜோடிக் கண்கள் வலது ஓரத்துக்குப் போய்க் குடையைக் கண்டுபிடித்துவிடுகின்றன. பிறகு பெயர் வந்து அந்த முகத்தின்மேல் உட்காருகிறது. இடம் முதலில், அடையாளப் பொருள் அடுத்து, ஓர் இடைவெளி, அதன்பின் பெயர். ‘-ஆரே, அவர்தான்’ என்ற இந்த அமைப்பைத் தமிழர் சந்தையிலும் தேர்த் திருவிழாவிலும் ஆளைக் காட்ட நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். படக்காட்சிக்கு வேண்டிய நேர அளவு அதற்குள்ளேயே இருக்கிறது. மேடை ஏறியதும் நாம் அதைக் கைவிட்டு எழுத்து நடைக்குப் போய்விடுவதுதான் தவறு.

பொத்தானை அழுத்த வேண்டிய இடமும் இதிலிருந்தே கிடைக்கிறது. தமிழ்த் தொடர் பெரும்பாலும் வினைமுற்றில்தான் முடிகிறது. ‘அன்னைக்கு ராத்திரி மழையில நனைஞ்சுக்கிட்டே ஊருக்கு’ என்ற இடத்தில் படம் மாறினால், வந்தாரா போனாரா என்பது அடுத்த படத்தின்மேல் விழும். ஆகவே வினைமுற்று விழுந்து, அரை மூச்சு விட்டு, அதன்பின் அழுத்த வேண்டும்.

சுட்டுச் சொற்களில் இன்னொரு தடுமாற்றம் உண்டு. தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைச் சொல்கிறது. தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் உந்த, உவர் என்று அது இன்றும் வாழ்கிறது, கேட்பவருக்கு அருகில் இருப்பதைக் குறிக்க அதைச் சொல்வார்கள். எங்கள் பதிவில் ‘இவர்’ என்ற ஒரே சொல் திரையில் இருக்கும் இளைஞரையும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவரையும், இறந்த மாமாவையும் மாறிமாறிக் குறிக்கிறது. இரண்டு இடங்களில் அரங்கு “எவரு?” என்று கேட்கிறது. யாழ்ப்பாணத்தார் ஒருவர் சொல்லியிருந்தால் முன்வரிசைக்காரரை ‘உவர்’ என்று பிரித்துக் காட்டியிருப்பார். நமக்கு அந்த வசதி இல்லை. திரையில் இருப்பவருக்கு மட்டும் ‘இவர்’ என்று வைத்துக்கொண்டு, மண்டபத்தில் இருப்பவரைப் பெயரும் இருக்கையும் சொல்லிக் காட்டுவதே பாதுகாப்பானது.

யாருக்கு மாமா?

‘மாமா’ என்று நான் இங்கே எழுதிவருவது எனக்கு மட்டுமே சரி. அரங்கில் இருந்தவர்களுக்கு அவர் அப்பா, தாத்தா, அத்தான், சித்தப்பா, கொழுந்தன். உறவுப்பெயர் சொல்பவரை மையமாகக் கொண்டது. ஒருவர் தன் உறவுப்பெயரால் படத்தைச் சொல்லும்போது, மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தம் உறவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கும் நேரம் பிடிக்கிறது. மாமாவின் சகோதரிகள் மூவர் ஒன்றாக நிற்கும் படத்தில் அத்தான் ‘சித்தி’ என்றபோது, இளையவர்கள் வரிசையில் யாரைக் குறிக்கிறார் என்ற குழப்பம் பதிவில் அப்படியே கேட்கிறது. மாமாவை ஊர் அழைத்தபடி ‘பெரிய சார்’ என்று சொன்ன இடங்களில் இந்தத் தடை இல்லை. ஊர்ப்பெயர் எல்லாருக்கும் பொது. பெண்களுக்கு இப்படி ஒரு பொதுப்பெயர் பல நேரம் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் 22 படங்களில் ஆண்களுக்கு வேலையால் வந்த பெயர் இருந்தது. பெண்களை இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் அத்தான் அறிமுகம் செய்தார். அவர்களுடைய சொந்தப் பெயரை முதலில் சொல்லும்படி நான் கேட்டிருக்க வேண்டும்.

புகைப்படத்தோடு வரும் எழுத்து, படத்தின் பல பொருள்களில் ஒன்றைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம் என்று ரொலான் பார்த் 1964இல் எழுதினார். விளம்பரப் படத்துக்கு அது பொருந்தும். மண்டபத்தில் அந்த நங்கூரத்தை அரங்கே பிடுங்கிவிடுகிறது. மூன்று சகோதரிகள் படத்தில் நடுவில் இருப்பவரை இளையவர் என்று அத்தான் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஓர் ஆச்சி குறுக்கிட்டார்: “அது சின்னவ இல்லப்பா, நடுவுலவ. சின்னவளுக்கு அப்போ கையில வளவியே கிடையாது. வீட்டுல கஷ்டம், அடகுல இருந்துச்சு.” அந்த அடகை எங்களில் யாரும் அறிந்திருக்கவில்லை. மாமா படிப்பை முடிக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தெரிந்தது. குழுப்படத்தின் நான்கு நிமிடமும் இப்படித்தான் போயிற்று. அத்தான் பேசியது அதில் ஒரு நிமிடம்கூட இருக்காது.

மார்த்தா லாங்ஃபோர்டு, மாண்ட்ரியால் அருங்காட்சியகம் ஒன்றின் குடும்ப ஆல்பங்களை ஆராய்ந்து 2001இல் எழுதிய நூலில், ஆல்பம் வாய்மொழிக்காகவே அமைக்கப்பட்டது, சொல்பவர் இல்லாதபோது அது பாதியில் நின்றுபோன உரையாடல் என்று வாதிடுகிறார். அவருடைய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் சொல்பவர் ஒருவர் அல்லர் என்பதை எங்கள் பதிவு காட்டுகிறது. 8 விநாடிக் கடிகாரம் ஓடியிருந்தால் அந்த ஆச்சி வாயைத் திறப்பதற்குள் படம் போயிருக்கும். திரையில் இல்லாத படத்தைப் பற்றி யாரும் எழுந்து திருத்தம் சொல்வதில்லை. படம் நின்றால்தான் சாட்சி பேசுகிறது.

எதிர்வாதங்கள்

ரிமோட்டைச் சொல்பவரிடம் கொடுத்தால் காட்சி எல்லை மீறி நீளும் என்பது நியாயமான அச்சம். 40 படங்களோடு இப்படிச் செய்திருந்தால் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். முதியவர்கள் அவ்வளவு நேரம் உட்கார முடியாது, பந்தியும் காத்திருக்கிறது. இதற்குத் தீர்வு படத்தைக் குறைப்பதுதான், விநாடியைக் குறைப்பதன்று. விடுபட்ட படங்களை மக்கள் வந்து அமரும் நேரத்தில் பேச்சில்லாமல், மெல்லிய நாகசுர இசையோடு தானாக ஓடவிட்டோம். பேச்சில்லாத காட்சிக்கு After பெட்டி பொருத்தமானதே.

சொல்பவர் உடைந்து அழுதுவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. தானாக ஓடும் காட்சியில் அவர் அழுதுகொண்டிருக்க, படங்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அது பார்க்கச் சகிக்காதது. கையில் இயக்கம் இருந்தால் B விசையை அழுத்தித் திரையைக் கருப்பாக்கலாம். மீண்டும் அழுத்தினால் அதே படம் திரும்பி வரும். மூத்த பெண்ணின் படம் இரண்டாம் ஆண்டும் வரிசையில் இருந்தது. அத்தைதான் அதை வைக்கச் சொன்னார். அந்தப் படத்துக்கு அத்தான் பெயரை மட்டும் சொன்னார். 20 விநாடிக்கு மேல் பதிவில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கிறது. பிறகு திரையைக் கருப்பாக்கி, அத்தை தலையசைத்ததும் அடுத்த படத்துக்குப் போனார். எத்தனை விநாடி என்று முன்கூட்டி யாராலும் எழுதி வைத்திருக்க முடியாத இடம் அது.

உங்கள் வீட்டில் இப்படியொரு காட்சியை நடத்தினால், அரங்கின் நடுவில் ஒரு கைப்பேசியை ஒலிப்பதிவுக்கு வையுங்கள். ஒவ்வொரு படமும் மாறும்போது அதன் எண்ணைச் சொல்பவர் உரக்கச் சொல்லட்டும். பிற்பாடு எந்தக் குரல் எந்தப் படத்தைத் திருத்தியது என்று கண்டுபிடிக்க அந்த எண் ஒன்றே வழி. எங்கள் முதலாண்டுப் பதிவில் எண் சொல்லப்படவில்லை. அதில் ஒரு பெண் குரல் “இல்ல, இல்ல, அது தென்காசியில எடுத்தது” என்கிறது. எந்தப் படம் என்று இன்றுவரை தெரியவில்லை.